உரிமைப் பங்கு: தள்ளுபடி எங்கிருந்து வருகிறது?

2020 ஏப்ரல் 30 அன்று ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் 53,125 கோடி ரூபாய்க்கு உரிமைப் பங்கு வெளியீட்டை அறிவித்தது. ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு, 15 பங்குக்கு ஒரு புதிய பங்கு; விலை 1,257 ரூபாய். அன்று சந்தையில் அந்தப் பங்கு ஏறத்தாழ 1,467 ரூபாய்க்கு முடிந்தது. பங்குக்கு 210 ரூபாய் மலிவு என்று பலரும் மகிழ்ந்தார்கள். உண்மையில் அந்த 210 ரூபாயை நிறுவனம் தன் பையிலிருந்து எடுத்துத் தரவில்லை. அதைக் கொடுப்பவரும் பங்குதாரர்தான், வாங்குபவரும் அவர்தான்.

எப்படி என்று பார்க்க, உங்களிடம் 15 பங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மதிப்பு 15 × 1,467 = 22,005 ரூபாய். உரிமையைப் பயன்படுத்தி 1,257 ரூபாய் கட்டினால் உங்களிடம் 16 பங்கு இருக்கும். நிறுவனத்துக்குக் கூடுதலாக வந்தது நீங்கள் கட்டிய பணம் மட்டுமே. ஆகவே 16 பங்கின் மொத்த மதிப்பு 23,262 ரூபாய். ஒரு பங்குக்கு 1,453.88 ரூபாய். இதுதான் கணக்குப்படி வரவேண்டிய உரிமை நீங்கிய விலை. சூத்திரமாக எழுதினால்:

(பழைய பங்குகள் × சந்தை விலை + புதிய பங்குகள் × வெளியீட்டு விலை) ÷ மொத்தப் பங்குகள்

உரிமை யாருக்கு என்று தீர்மானிக்கும் பதிவு நாள் மே 14. வாங்கிய பங்கு கணக்கில் சேர அப்போது இரண்டு வேலை நாள் ஆகும் என்பதால், 13ஆம் தேதி முதலே பங்கு உரிமை இல்லாமல் கைமாறத் தொடங்கியது. அப்படிப்பட்ட நாளில் விலை 1,467லிருந்து 1,454க்கு இறங்கினால் அது வீழ்ச்சி அல்ல. அந்த 13 ரூபாய் பங்கிலிருந்து பிரிந்து தனியாக நிற்கிறது. பங்கு உண்மையில் ஏறியதா இறங்கியதா என்று அறிய, முந்தைய நாள் விலையோடு ஒப்பிடக் கூடாது. இந்தக் கணக்கு விலையோடு ஒப்பிட வேண்டும். முந்தைய நாள் விலை 1,467 இல்லாமல் வேறாக இருந்தால், அந்த விலையை வைத்துத்தான் மறுபடி போட வேண்டும்.

பிரிந்து நிற்கும் அந்த உரிமையின் மதிப்பு எவ்வளவு? இங்கேதான் பாடப்புத்தகமும் சந்தையும் இரண்டு விதமாகப் பேசுகின்றன, மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுவதும் இங்கேதான். பாடப்புத்தகத்தில் ‘ஓர் உரிமை’ என்பது ஒரு பழைய பங்கோடு ஒட்டிவரும் உரிமை. அதன் மதிப்பு 1,467 − 1,453.88, அதாவது சுமார் 13.12 ரூபாய். சந்தையில் விற்கப்படும் ‘ரைட்ஸ் என்டைட்டில்மென்ட்’, சுருக்கமாக ஆர்.ஈ., ஒரு புதிய பங்கை வாங்கும் உரிமை. அதன் மதிப்பு 1,453.88 − 1,257, அதாவது சுமார் 196.88 ரூபாய். பதினைந்து பழைய பங்கின் உரிமைகள் சேர்ந்து ஓர் ஆர்.ஈ. ஆகின்றன, 196.88ஐ 15ஆல் வகுத்தால் அதே 13.12 வருகிறது. தேர்வில் கேள்வி எந்த உரிமையைக் கேட்கிறது என்று ஒருமுறைக்கு இருமுறை படித்துக்கொள்வது நல்லது.

இனி 150 பங்கு வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சொத்து 2,20,050 ரூபாய். அவருக்குப் 10 ஆர்.ஈ. கிடைக்கும். 12,570 ரூபாய் கட்டிப் புதிய பங்குகளை வாங்கினால் அவரிடம் 2,32,620 ரூபாய் மதிப்புள்ள 160 பங்கு இருக்கும். கட்டிய பணத்தைக் கழித்தால் பழைய 2,20,050தான். பணம் கட்ட வசதியில்லாமல் பத்தையும் விற்றால் 1,969 ரூபாய் கைக்கு வரும், பங்குகள் 2,18,081 ரூபாய் பெறும். கூட்டினால் மீண்டும் அதே தொகை. இரண்டிலும் லாபமில்லை, நட்டமும் இல்லை. ஒன்றும் செய்யாமல் விட்டவர் மட்டும் 1,969 ரூபாயை இழக்கிறார். ‘நான் புதிதாக எதுவும் வாங்கவில்லையே, எனக்கென்ன நட்டம்’ என்று அவர் நினைப்பார்.

ரிலையன்ஸில் அந்த இழப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. விகிதம் பெரிதானால் கதை மாறும். 2019இல் வோடஃபோன் ஐடியா 25,000 கோடி ரூபாய் திரட்ட, 38 பங்குக்கு 87 புதிய பங்கு என்ற விகிதத்தில், பங்கு 12.50 ரூபாய்க்குக் கொடுத்தது. சந்தை விலை 30 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால், உரிமை நீங்கிய விலை 17.82 ரூபாய். 1,140 ரூபாய் மதிப்புள்ள 38 பங்கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவருக்கு மிஞ்சுவது 677 ரூபாய்தான். மதிப்பில் நூற்றுக்கு நாற்பது சத்தமில்லாமல் போய்விடும். பணம் கட்டியவர் தப்பித்தார் என்றும் சொல்ல முடியாது. அதே ஆண்டின் பிற்பகுதியில் பங்கு 12.50க்கும் வெகு கீழே போய்விட்டது. சூத்திரம் சொல்வது ஒரு நாளின் மதிப்பைப் பிரிக்கும் விதத்தை மட்டுமே. நிறுவனம் திரட்டிய பணத்தை என்ன செய்யும் என்பது அதற்குள் இல்லை.

செபி 2020 ஜனவரியில் கொண்டுவந்த விதிகளால் ஆர்.ஈ.க்கள் டீமேட் கணக்கிலேயே வந்து சேர்ந்தன, பங்கைப் போலவே விற்கவும் முடிந்தது. அதற்கு முன் உரிமையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கக் காகிதப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. மே 20 அன்று ரிலையன்ஸ் ஆர்.ஈ. சந்தைக்கு வந்தபோது அதன் அடிப்படை விலை 151.90 ரூபாய். முந்தைய நாள் பங்கின் முடிவு விலையான 1,408.90லிருந்து 1,257ஐக் கழித்தால் கிடைப்பது அதுதான். பங்கு ஏற்கெனவே உரிமை நீங்கிய நிலையில் இருந்ததால், நேரடிக் கழித்தலே போதுமானதாக இருந்தது. ஆனால் முதல் நாளே ஆர்.ஈ. 212 ரூபாயில் போய் நின்றது. பங்கு அன்று சுமார் 1,430 ரூபாய் என்பதால், கழித்தல் கணக்குக்கு 175 ரூபாய்க்கு மேல் வரக் கூடாது.

சந்தைக்குக் கணக்குத் தெரியவில்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். 1,257 ரூபாயையும் உடனே கட்டத் தேவையில்லை. விண்ணப்பிக்கும்போது 314.25, 2021 மே மாதம் 314.25, 2021 நவம்பரில் 628.50 என்று மூன்று தவணை. ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி வைத்துப் பின்னால் கட்டுவதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், மொத்தம் சுமார் 1,165 ரூபாய்தான். அதாவது 90 ரூபாய்க்கு மேல் மிச்சம். முழுதும் கட்டாத பங்குக்கு ஈவுத்தொகையும் கட்டிய அளவுக்கே என்பதால் அந்த மிச்சம் முழுதாகக் கைக்கு வராது. இருந்தும் 175க்கும் 212க்கும் இடையிலான இடைவெளிக்கு இதுவே போதுமான விளக்கம். தவணை இருக்கும் வெளியீட்டில் பாடப்புத்தகச் சூத்திரத்தை அப்படியே வைத்தால் உரிமையின் மதிப்பு குறைவாகத் தெரியும். வெளியீட்டு விலையின் இடத்தில் தவணைகளின் இன்றைய மதிப்பை வைக்க வேண்டும்.

சந்தை நேரெதிராகவும் போகலாம். பங்கு விலை வெளியீட்டு விலைக்குக் கீழே இறங்கினால், கடையில் மலிவாகக் கிடைப்பதற்கு யாரும் கூடுதல் பணம் கட்டப் போவதில்லை, ஆர்.ஈ.க்கு மதிப்பு பூஜ்யத்தை நெருங்கும்.

ஆர்.ஈ.யைச் சந்தையில் வாங்கியவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. அதன் வணிகம் மே 29ஆம் தேதி முடிந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூன் 3. நடுவில் இருந்த நாட்களில் சந்தையில் விற்க வழியில்லை, விண்ணப்பித்துப் பணம் கட்டத்தான் வேண்டும். ஆர்.ஈ. வாங்கியதே பங்கு வாங்கியதற்குச் சமம் என்று எண்ணி விண்ணப்பிக்காமல் இருந்தால், ஜூன் 3க்குப் பிறகு அது கணக்கிலிருந்து அழிந்துவிடும். அதற்குக் கொடுத்த விலை திரும்பி வராது.