பிரேயர் வரிசையில் முன்னால் நிற்கும் பையன், பேனரில் சிரிக்கும் பெண்... வயசுக்கு வரும் நேரம் பிள்ளைகளை என்ன செய்கிறது?

அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடிக்க ஓடிவரும் பள்ளிப் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். எட்டாம் வகுப்புப் பையன்களில் ஒருவன் அரும்பு மீசையோடு அண்ணன் மாதிரி இருப்பான். அதே வகுப்பில் இன்னொருவன் ஐந்தாவது படிப்பவன் போலத் தெரிவான். இருவருக்கும் வயது 13தான். உடம்பின் கடிகாரம் மட்டும் வேறு வேறு நேரத்தைக் காட்டுகிறது.

பொதுவாகப் பெண் குழந்தைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள், பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் பருவ மாற்றம் தொடங்கும். இந்த இடைவெளிக்குள் எப்போது தொடங்கினாலும் அது இயல்புதான். ஆனால், பள்ளிக்கூடம் பிறந்த தேதியைப் பார்த்துத்தான் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைக்கிறது. அதனால் யார் கேப்டன், யாரைக் கிண்டல் செய்யலாம் என்பதையெல்லாம் சில வருடங்களுக்கு உடம்பே முடிவு செய்துவிடுகிறது.

ஊருக்கே தெரியும் செய்தி

பையன் வளர்வது சத்தமில்லாமல் நடக்கும். பெண் குழந்தைக்கு அப்படியில்லை. தாய்மாமன் சீர், மஞ்சள் நீராட்டு, தெருமுனையில் பேனர் என ஊருக்கே செய்தி போய்விடும். பத்து வயதில் வயசுக்கு வந்த பெண்ணை அடுத்த நாளே 'பெரிய மனுஷி' ஆக்கிவிடுகிறோம். விளையாடப் போகாதே, சத்தமாகச் சிரிக்காதே என்று ஆரம்பிக்கிறோம். அவளோ இன்னும் ஐந்தாம் வகுப்புக் குழந்தை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஸ்வீடனில் ஸ்டாட்டின், மாக்னுசன் என்ற இரு உளவியலாளர்கள் பள்ளி மாணவிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சீக்கிரம் பருவமடைந்த பெண்கள் 14, 15 வயதில் மது குடிப்பது, விதிகளை மீறுவது போன்றவற்றில் மற்றவர்களைவிட அதிகம் ஈடுபட்டதாக 1985-ல் எழுதினார்கள். காரணம் ஹார்மோன் மட்டும் அல்ல. தங்களைவிடப் பெரியவர்களோடு பழகிய பெண்களிடம்தான் இது அதிகம் தெரிந்தது. உடம்பைப் பார்த்துப் பெரியவர்கள் அவர்களைத் தங்கள் வட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மனதுக்கு அந்த வயது வந்திருக்கவில்லை.

நம் ஊருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. விழா எடுப்பது குடும்பத்தின் விருப்பம். அதற்குப் பிறகும் அவளுடைய தோழிகள், விளையாட்டு, தூங்கும் நேரம் எல்லாம் பத்து வயதுக்குரியதாகவே இருக்க வேண்டும். அவளைவிட நாலைந்து வயது பெரியவர்கள் யாராவது திடீரென நெருங்கிப் பழகினால், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

உயரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெண்கள் மளமளவென வளர்வது முதல் மாதவிடாய்க்கு முன்புதான். அதன்பிறகு பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ வரைதான் கூடும். ஆறாவதில் வகுப்பிலேயே உயரமாக நின்ற பெண், பத்தாவதில் நடு வரிசைக்கு வந்துவிடுவது இதனால்தான்.

முன் வரிசைப் பையன்

பையன்களுக்குக் கதை தலைகீழ். சீக்கிரம் வளர்ந்தவனுக்கு மவுசு அதிகம். அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ், நான்சி பெய்லி இருவரும் 1950-ல் வெளியிட்ட ஆய்வில், தாமதமாக வளர்ந்த பையன்கள் அமைதியில்லாமலும், மற்றவர்களின் கவனத்தை ஈர்க்கத் துடிப்பவர்களாகவும் காணப்பட்டார்கள். வகுப்பில் கோமாளித்தனம் செய்யும் குள்ளப் பையனை நாமும் பார்த்திருக்கிறோம். 33 வயதில் அவர்களை மறுபடி பார்த்தபோது உடம்பில் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்திருந்தது. தன்னம்பிக்கையில் சில தடயங்கள் மட்டும் மிச்சமிருந்தன. ஆக, உயரம் தானாக வந்துவிடும். 'கட்டையன்' என்ற பட்டப்பெயர் தந்த காயம்தான் தங்கிவிடும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

உதாரணத்துக்கு, 14 வயதுப் பையன், உயரம் 142 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். அப்பா 168, அம்மா 154. இரண்டையும் கூட்டி, அதோடு 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் 167.5 செ.மீ. அவனுடைய குடும்பத்துக்கு உத்தேசமான உயரம் இதுதான். பெண் குழந்தைக்கு 13-ஐக் கழிக்க வேண்டும்.

அவன் போன வருடம் 5 செ.மீ வளர்ந்திருக்கிறான். அப்பாவும் பத்தாவது முடித்த பிறகுதான் உயர்ந்தவர். டாக்டர் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார். எலும்பின் வயது பன்னிரண்டரைதான் காட்டுகிறது. அப்படியென்றால் வளர்ச்சி தாமதமாகியிருக்கிறது, நின்றுவிடவில்லை. பெற்றோர் மீசையைத் தேடுவார்கள். டாக்டர் பார்ப்பது விரைகள் பெரிதாகத் தொடங்கியிருக்கிறதா என்பதை. பையன்களுக்கு முதல் அறிகுறி அதுதான். மீசையும் குரல் உடைவதும் பிறகுதான் வரும்.

வருடத்துக்கு 4 செ.மீகூட வளரவில்லை என்றாலும், 14 வயது முடிந்தும் பையனுக்கு எந்த மாற்றமும் இல்லை என்றாலும் காத்திருக்கக் கூடாது. பெண்ணுக்கு 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காதது, 15 வயதாகியும் மாதவிடாய் வராதது, 8 வயதுக்கு முன்பே மாற்றம் தெரிவது, பையனுக்கு 9 வயதுக்கு முன்பே தெரிவது ஆகியவையும் அப்படித்தான். அத்திப்பட்டிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனைக்கோ, எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கோ போய்க் காட்டலாம். உயரம் கூட்டும் பவுடர் வாங்கும் காசில், வீட்டுச் சுவரில் ஒரு அளவு டேப்பை ஒட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேதியோடு குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.