எத்தனை எம், எத்தனை எல்?

திருப்பூரில் நண்பர் ஒருவர் கம்பெனிகளுக்கு காலர் டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிறார். சமீபத்தில் அவருக்கு வந்த வாட்ஸ்அப் ஆர்டர் இது: "120 டி-ஷர்ட். நேவி ப்ளூ. லோகோ அனுப்பியிருக்கிறேன். 20ஆம் தேதிக்குள் ஓசூர் ஃபேக்டரியில் இருக்க வேண்டும். பில் கம்பெனி பேரில்." அனுப்பியவர் பெங்களூரு தலைமை அலுவலகத்தில் இருக்கும் ஒரு மேடம். ஒன்றுக்கு 250 ரூபாய் என்று விலையும் முடிந்துவிட்டது. கேட்டால் முழு ஆர்டர் மாதிரித்தான் தெரியும். ஆனால் இதை வைத்து ஒரு துண்டுத் துணியைக்கூட வெட்ட முடியாது.

சைஸ் இல்லை. வரி எண் இல்லை. ஓசூரில் யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதும் இல்லை. மூன்றையும் ஒரே செய்தியில் கேட்டுவிடுவது நண்பரின் வழக்கம். நாளுக்கு ஒன்றாகக் கேட்டால், 'இவருக்கு வேறு வேலையே இல்லையா' என்று ஆகிவிடும். ஆனால் மூன்றும் ஒரே அவசரம் அல்ல. சைஸ் கட்டிங் மேஜைக்கு, வரி எண் பில்லுக்கு, ஆள் விவரம் லாரி புக்கிங்குக்கு. முன்பதிவுக்காரர் மாதிரி அதையும் சொல்லிவிடுகிறார்: "செவ்வாய் மதியத்துக்குள் சைஸ் வந்தால்தான் மேடம், 20ஆம் தேதி சரக்கு கைக்கு வரும். மற்ற இரண்டும் வெள்ளிக்குள் போதும்."

சைஸ்தான் பெரிய தலைவலி. லோகோ போட்ட டி-ஷர்ட்டைத் திருப்பி எடுத்து வேறு யாருக்கும் விற்க முடியாது. அதனால் "எல்லாம் கலந்து போடுங்கள்" என்ற பதிலை அவர் ஏற்பதே இல்லை. "எம் என்றால் 38 தானே?" என்று கேட்பவர்களும் உண்டு. 38 அங்குலம் என்பது போடுபவரின் மார்பா, டி-ஷர்ட்டின் மார்பா? உடம்புக்கும் துணிக்கும் இடையே கொஞ்சம் தளர்வு வேண்டும் என்பதால் இரண்டும் ஒன்றல்ல. எம் என்ற எழுத்துக்கு எல்லா கம்பெனியிலும் ஒரே அளவும் கிடையாது. ஆகவே அவர் எழுத்தை மட்டும் கேட்பதில்லை. சரியாகப் பொருந்தும் பழைய டி-ஷர்ட் ஒன்றைத் தரையில் விரித்து, கைத்தையலுக்கு ஒரு அங்குலம் கீழே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளந்து, இரட்டிப்பாக்கிப் பார்க்கச் சொல்கிறார். தன்னுடைய அளவு அட்டவணையும் கூடவே போகும். அதைப் பார்த்து எந்த எழுத்தில் எத்தனை பேர் என்று அவர்களே நிரப்ப வேண்டும்.

பதில் வந்தது: எஸ் 14, எம் 38, எல் 40, எக்ஸ்எல் 20, டபுள் எக்ஸ்எல் 6. கூட்டினால் 118. ஆர்டரோ 120. மீதி இரண்டையும் எல்லில் சேர்த்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நண்பர் கேட்டார். புதிதாகச் சேரும் இருவரின் அளவு இன்னும் வரவில்லையாம். மறுநாள் இரண்டும் டபுள் எக்ஸ்எல் என்று தெரிந்தது.

வரி எண்ணில் வேறு மாதிரி சிக்கல். மேடம் அனுப்பிய 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் 29 என்று தொடங்கியது. முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. 29 கர்நாடகம், 33 தமிழ்நாடு. சரக்கு போவதோ ஓசூருக்கு. இதில் தவறு என்று எதுவும் இல்லை. பெங்களூரு அலுவலகம் வாங்கி ஓசூருக்கு அனுப்பச் சொன்னால், பில் 29இல் போட்டு ஐ.ஜி.எஸ்.டி. வசூலிக்கலாம். ஓசூர் ஃபேக்டரியே வாங்குவதாக இருந்தால் அதன் 33 எண்ணில் பில் போட வேண்டும். வரி மத்திய, மாநிலப் பங்காகப் பாதிப் பாதி பிரியும். 30,000 ரூபாய்க்கு 5 சதவீதம், எப்படிப் போட்டாலும் 1,500தான். ஆனால் அதைக் கழித்துக்கொள்ளும் கணக்கு மாறிவிடும். எண்ணே இல்லாமல் பில் போட்டால், பொதுமக்களுக்கு விற்ற கணக்கில் அது சேர்ந்துவிடும். வாங்கிய கம்பெனியின் கணக்கில் அந்த வரி எட்டிக்கூடப் பார்க்காது. பிறகு திருத்தலாம்தான், ஆனால் ஒரு மாதம் இரண்டு பக்கக் கணக்காளர்களும் போனில்தான் இருப்பார்கள்.

அதனால் "ஜி.எஸ்.டி. நம்பர் கொடுங்கள்" என்று மட்டும் அவர் கேட்பதில்லை. "எந்த இடத்தின் பேரில் பில்? அந்தப் பதிவுச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்பார். கையால் தட்டிய எண்ணில் பூஜ்யமும் ஆங்கில ஓவும் இடம் மாறும். படம் வந்த பிறகும் gst.gov.in தளத்தில் எண்ணைப் போட்டு, பெயர் பொருந்துகிறதா, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். இந்த முறை 33 எண்தான் சரி என்று கணக்குப் பிரிவு சொன்னது.

கடைசியாக, ஓசூர் ஆள். மேடத்தின் எண்ணையே பார்சலில் எழுதினால், லாரி ஆபீஸ்காரர் கூப்பிடும்போது அவர் பெங்களூருவில் மீட்டிங்கில் இருப்பார். வாங்கிக்கொள்பவரின் பெயர், இரண்டு எண், எந்த கேட், எத்தனை மணிவரை சரக்கு இறக்கலாம், இதெல்லாம் வேண்டும். வியாழன் இரவு ஸ்டோர் கீப்பரின் எண் வந்தது. கூடவே, மாலை நான்கு மணிக்கு மேல் கேட்டில் சரக்கு எடுக்க மாட்டார்கள், ஞாயிறு விடுமுறை என்ற தகவலும். 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நண்பர் சனி காலையில் போய்ச் சேருகிற மாதிரி புக்கிங்கை ஒரு நாள் முன்னே நகர்த்தினார். தையல் பிரிவுக்கு அன்றிரவு ஓவர்டைம்.