யாரும் குளிக்காமலே தீரும் கேஸ்

ஊட்டியில் ஒரு தங்கும் விடுதி என்று வைத்துக்கொள்வோம். பின்கட்டு அறையில் 500 லிட்டர் பிடிக்கும் இரும்பு உருளைத் தொட்டி நிற்கிறது. விட்டம் 75 சென்டிமீட்டர், உயரம் 113. உள்ளே தண்ணீரை இரவும் பகலும் 60 டிகிரியிலேயே வைத்திருக்கிறது கேஸ் பர்னர். அறைக்குள் 20 டிகிரி.

தொட்டியின் பக்கம், மேல், அடி எல்லாம் சேர்த்து வெளிப்பரப்பு சுமார் மூன்றரை சதுர மீட்டர். பெயின்ட் அடித்த வெறும் இரும்பு என்றால், காற்றோட்டம் இல்லாத அறையில்கூட, ஒவ்வொரு சதுர மீட்டரும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 11 வாட் வெப்பத்தை இழக்கும். இதில் பாதிக்கு மேல் கதிர்வீச்சாகப் போகிறது, மீதியைச் சூடேறி மேலெழும் காற்று கொண்டுபோகிறது. வித்தியாசம் 40 டிகிரி ஆகையால் இழப்பு 1,560 வாட்டைத் தொடுகிறது. ஒரு நாளைக்கு 37 யூனிட்டுக்கு மேல்! அன்று ஒருவர்கூடக் குழாயைத் திறக்காவிட்டாலும் இதே கணக்குதான்.

பர்னரின் திறனையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிலோ கேஸில் சுமார் 10 யூனிட் வெப்பம் தண்ணீருக்குள் போகும். அப்படியானால் தினமும் 3.75 கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று ஐந்தே நாளில் காலி. கிலோ 100 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், நாளுக்கு 375 ரூபாய் அறையைச் சூடாக்கவே போகிறது.

அதே தொட்டிக்கு 50 மில்லிமீட்டர் கிளாஸ் வுல் சுற்றி, மேலே அலுமினியத் தகடு போர்த்தினால் இழப்பு 120 வாட்டுக்கு இறங்கிவிடும். நாளுக்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவு. செலவு 30 ரூபாய்க்குள். அந்தச் சிலிண்டர் இரண்டு மாதம் தாங்கும்.

கனத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பலன் அதிகமில்லை. முதல் 25 மில்லிமீட்டரே இழப்பை ஐந்து யூனிட்டுக்குக் கொண்டுவந்துவிடும். அடுத்த 25 இன்னும் இரண்டு யூனிட் மிச்சம் பிடிக்கும். 50-ஐ 100 ஆக்கினால் கிடைப்பது ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம்தான். அந்தப் பணத்தில் தொட்டியிலிருந்து கிளம்பும் வெந்நீர்க் குழாயையும் வால்வையும் போர்த்துவது நல்லது. பல இடங்களில் அவை வெறுமனே விடப்படுகின்றன.

போர்வை வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தெர்மாமீட்டர் போதும். இரவு 8 மணிக்குப் பர்னரை அணைத்துவிட்டு, தண்ணீர் எடுக்காமல் காலை 8 மணிக்குச் சூட்டை அளக்க வேண்டும். வெறும் தொட்டி 60-லிருந்து 38 டிகிரிக்கு வந்திருக்கும். நன்றாகப் போர்த்திய தொட்டி 57-க்குக் கீழே இறங்காது. 50-க்கு இறங்கினால் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் தகட்டின் மூட்டு வழியே நீர் கசிந்து பஞ்சு நனைந்திருக்கும். நனைந்த பஞ்சு வெப்பத்தைத் தடுப்பதில்லை. பர்னர் எரியும்போது தகட்டின் மேல் கையை ஓட்டினால், சுற்றிலும் குளிர்ந்திருக்க ஓரிடம் மட்டும் சுடும். அந்தப் பகுதியைப் பிரித்து, புதுப் பஞ்சு வைத்து, மூட்டை நீர் புகாமல் அடைக்க வேண்டும்.