டேட்டாவில் திறக்கும் தளம் ஆபீஸ் வைஃபையில் திறக்காதது ஏன்?

கடைக்கென்று ஒரு இணையதளம் போட்டாயிற்று. வாடிக்கையாளர்கள் பார்க்கிறார்கள், வீட்டில் திறக்கிறது, கைப்பேசியில் டேட்டாவைப் போட்டாலும் திறக்கிறது. ஆபீஸ் வைஃபையில் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் பிழை காட்டுகிறது. அதே வைஃபையில் யூடியூப் ஓடுகிறது, பேங்க் தளமும் திறக்கிறது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் தளமும் மெயிலும் ஒன்றாக வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை இது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, யாரும் சந்தேகப்படாத ஒரு மெயில் பாஸ்வேர்டு.

தளம் கெட்டுப்போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். டேட்டாவில் திறக்கிறது என்றால் சர்வர் ஓடுகிறது, டொமைனும் உயிரோடு இருக்கிறது. சிக்கல் உங்கள் ஆபீஸுக்கும் அந்த சர்வருக்கும் நடுவில்தான். ஆனால் இந்தச் சோதனையை ஒரே போனில் செய்து பாருங்கள். வைஃபையில் பார்க்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால், வைஃபை சரியில்லை என்று தோன்றியதும் சில போன்கள் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பிரவுசர் சேமித்து வைத்த பழைய பக்கத்தைக் காட்டி ஏமாற்றாமல் இருக்க, இன்காக்னிட்டோ ஜன்னலில் திறப்பது நல்லது.

பிழைச் செய்தி எதுவாக இருந்தால் என்ன, திறக்கவில்லை என்பதுதானே விஷயம்?

பாதி நோயை அந்த ஒரு வரியே சொல்லிவிடும். குரோமில் `DNS_PROBE_FINISHED_NXDOMAIN` என்று வந்தால், உங்கள் தளத்தின் பெயருக்கு உரிய முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். `ERR_CONNECTION_TIMED_OUT` என்றால் முகவரி கிடைத்தது, போய்க் கேட்டும் பதில் வரவில்லை. "இந்தத் தளம் தடை செய்யப்பட்டுள்ளது" என்ற பாணியில் ஒரு பக்கம் வந்தால், அது உங்கள் ஆபீஸ் ஃபயர்வாலின் வேலை. புதிதாகப் பதிவான டொமைன்களைச் சில நாள் தடுத்து வைக்கும் ஃபில்டர்கள் உண்டு. சில சமயம் தடைப் பக்கத்துக்குப் பதிலாக, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற சான்றிதழ் எச்சரிக்கை வரும். இரண்டுக்குமே ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம்தான் பேச வேண்டும்.

முகவரியே கிடைக்கவில்லை என்றால் என்ன காரணம்?

ஆபீஸில் விண்டோஸ் சர்வர் வைத்து, எல்லாக் கணினியும் அதில் லாகின் செய்கிறதா என்று பாருங்கள். அதை அமைத்தவர் உள் டொமைனுக்கும் இணையதளத்தின் பெயரையே வைத்திருக்கக்கூடும். அப்படியானால் அந்த சர்வர், அந்தப் பெயருக்கு நானே அதிகாரி என்று நினைத்துக்கொள்ளும், வெளியே கேட்கவே கேட்காது. தன் பட்டியலில் `www` இல்லாவிட்டால், இல்லை என்று சொல்லிவிடும். அதன் டிஎன்எஸ் மேனேஜரில் `www` என்ற பெயருக்கு ஹோஸ்டிங் சர்வரின் ஐபி முகவரியை ஒரு ஏ ரெக்கார்டாகச் சேர்த்தால் தீர்ந்தது. பின்னால் ஹோஸ்டிங் மாற்றினால் இதையும் கையால் மாற்ற வேண்டும். `www` இல்லாத வெறும் பெயர் அந்த உள் சர்வருக்கே தேவை, அதைத் தொடக் கூடாது. ஆபீஸுக்குள் `www` போட்டே திறக்கப் பழக வேண்டியதுதான்.

எனக்கு வருவது டைம்டு அவுட். அப்படியானால்?

இங்கேதான் அந்த மெயில் பாஸ்வேர்டு வருகிறது. ஆபீஸில் பத்து கணினி, இருபது போன் இருந்தாலும், வெளியுலகுக்கு அத்தனையும் ஒரே ஐபி முகவரியில்தான் தெரியும். ஒரே கதவிலக்கத்தில் பத்துக் குடித்தனம் இருப்பது போல. ஹோஸ்டிங் சர்வரில் ஒரு காவல் நிரல் ஓடிக்கொண்டிருக்கும். சிபேனல் சர்வர்களில் பெரும்பாலும் சிஎஸ்எஃப் என்ற ஃபயர்வாலும் அதனுடன் வரும் எல்எஃப்டி என்ற நிரலும் இந்த வேலையைச் செய்யும். வேறு சர்வர்களில் ஃபெயில்2பேன் இருக்கும். ஒரே ஐபியிலிருந்து தவறான பாஸ்வேர்டு திரும்பத் திரும்ப வந்தால், யாரோ பாஸ்வேர்டை ஊகித்துத் திறக்கப் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டி அந்த ஐபியையே அடைத்துவிடும். தவறு நடந்தது மெயிலில்தான் என்றாலும், சிஎஸ்எஃப் வழக்கமாக அந்த ஐபிக்கு எல்லா வாசலையும் மூடிவிடும். மெயிலோடு இணையதளமும் சிபேனலும் சேர்ந்து போகும். மறுப்புப் பதில்கூட அனுப்பாது. அதனால்தான் பிரவுசர் காத்துக் காத்து டைம்டு அவுட் காட்டுகிறது. மொபைல் டேட்டா வேறு ஐபியில் போகிறது. அதற்குத் தடை இல்லை.

எங்கள் ஆபீஸில் யாரும் அப்படி எதுவும் செய்யவில்லையே?

தெரிந்து யாரும் செய்திருக்க மாட்டார்கள். கோவையில் பம்ப் உதிரிபாகம் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். தளமும் மெயிலும் ஒரே ஷேர்டு ஹோஸ்டிங்கில். திங்கட்கிழமை காலை 10 மணிக்குக் கணக்குப் பிரிவு மெயிலின் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். கணக்கர் தன் அவுட்லுக்கில் புதிய பாஸ்வேர்டைப் போட்டுவிட்டார். குடோனில் கிடக்கும் பழைய கணினியும், விற்பனைப் பிரிவில் ஒருவருடைய போனும் அதே மெயிலை எடுத்துக்கொண்டிருப்பது யாருக்கும் நினைவில்லை. இரண்டும் 10 நிமிடத்துக்கு ஒரு முறை பழைய பாஸ்வேர்டோடு சர்வரைக் கேட்கின்றன. 10:05-க்கு முதல் தவறு என்றால், 10:45-க்குள் பத்துத் தவறு சேர்ந்துவிடும். அந்த சர்வரில் ஒரு மணி நேரத்தில் பத்துத் தவறு என்பதுதான் எல்லை. சர்வரின் பதிவேட்டில் இப்படி ஒரு வரி விழும்:

```
(imapd) Failed IMAP login from 203.0.113.45 (IN/India/-): 10 in the last 3600 secs
```

அந்த நொடியிலிருந்து கடையில் தளம் திறக்காது. எல்லை எத்தனை, தடை எவ்வளவு நேரம் என்பது ஹோஸ்டிங் கம்பெனியின் அமைப்பைப் பொறுத்தது. சில இடங்களில் பத்து நிமிடத்தில் தானாக விலகும், சில இடங்களில் நாமாகக் கேட்டால்தான் எடுப்பார்கள்.

இதுதான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் இரண்டு சாட்சிகளைப் பாருங்கள். தளம் நின்ற அதே நேரத்தில் ஆபீஸ் கணினிகளில் கம்பெனி மெயில் வருவதும் நின்றதா? ரவுட்டரை அணைத்துப் போட்டதும் தளம் திறந்து, சிறிது நேரம் கழித்து மறுபடி நின்றதா? ரவுட்டரை அணைத்துப் போட்டால் பல இணைப்புகளில் புதிய ஐபி கிடைக்கும். பழைய பாஸ்வேர்டு அந்த ஐபியையும் மாட்டிவிடும். நிலையான ஐபி வாங்கியிருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது சாட்சி கிடைக்காது.

பிறகு ஆபீஸ் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து, உங்கள் தளத்தின் பெயரைப் போட்டு இவற்றை ஓட்டுங்கள்:

```
nslookup www.example.com
nslookup www.example.com 8.8.8.8
Test-NetConnection www.example.com -Port 443
```

முதல் வரி ஆபீஸின் டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது, இரண்டாவது கூகுளின் டிஎன்எஸ்ஸை. இரண்டும் ஒரே முகவரியைச் சொன்னால் பெயரில் குழப்பம் இல்லை. மூன்றாவது, அந்த முகவரியின் வாசலைத் தட்டிப் பார்க்கிறது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு `TcpTestSucceeded : False` என்று சொன்னால், அதே கணினியை உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து மறுபடி ஓட்டுங்கள். அங்கே `True` வந்தால் கணினி மேல் குற்றமில்லை, ஆபீஸ் ஐபி எங்கோ அடைபட்டிருக்கிறது. அடைத்தது ஹோஸ்டிங் சர்வரா, ஆபீஸ் ஃபயர்வாலா என்பதை இந்தச் சோதனை மட்டும் சொல்லாது. மெயிலும் கூடவே நின்றிருந்தால் ஹோஸ்டிங் பக்கம்தான் சந்தேகம் பலமாகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவை இருந்தால், உங்கள் பிரவுசர் பேசுவது அதனிடம்தான், ஹோஸ்டிங் சர்வரிடம் அல்ல. அப்போது ஆபீஸ் ஐபி தடைபட்டாலும் தளம் திறக்கும், மெயில் மட்டும் நிற்கும்.

ஹோஸ்டிங் கம்பெனியிடம் சொன்னால், எங்களுக்குத் திறக்கிறதே என்கிறார்கள்.

அவர்கள் ஐபி தடைபடவில்லை, அதனால் அவர்களுக்குத் திறக்கத்தான் செய்யும். "சைட் ஓப்பன் ஆகவில்லை" என்று சொல்வதை விட்டுவிட்டு, ஆபீஸ் வைஃபையில் இருந்தபடி கூகுளில் `what is my ip` என்று தேடி, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 192.168 என்று தொடங்கும் எண் ஆபீஸுக்குள் மட்டும் புழங்குவது, அதைக் கொடுத்துப் பயனில்லை. டிக்கெட்டில் இப்படி எழுதலாம்: "எங்கள் ஆபீஸ் ஐபி 203.0.113.45. இதிலிருந்து தளமும் மெயிலும் திங்கள் காலை 10:45 முதல் டைம்டு அவுட் ஆகின்றன, மொபைல் டேட்டாவில் சரியாக இருக்கின்றன. இந்த ஐபி உங்கள் ஃபயர்வாலில் தடைபட்டுள்ளதா? தடைக்குக் காரணமான பதிவேட்டு வரியையும், எந்த மெயில் கணக்கில் தவறு நடந்தது என்பதையும் அனுப்புங்கள்." இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால், தடையை எடுத்துவிட்டோம் என்று மட்டும் பதில் வரும். காரணம் அப்படியே இருக்கும்.

தடையை எடுத்தார்கள், மதியமே மறுபடி நின்றுவிட்டது. என்ன செய்வது?

வரிசையை மாற்றிச் செய்ததால் வரும் வினை இது. முதலில் தவறான பாஸ்வேர்டை நிறுத்த வேண்டும், பிறகுதான் தடையை எடுக்கச் சொல்ல வேண்டும். எந்த மெயில் கணக்கு என்று பதிவேடு சொல்லும். எந்தக் கருவி என்று சொல்லாது, அதற்கு எல்லாமே ஒரே ஐபிதான். அந்தக் கணக்கு எங்கெங்கே போடப்பட்டிருக்கிறது என்று ஆபீஸுக்குள் நாம்தான் தேட வேண்டும். கணினிகளையும் போன்களையும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். ஸ்கேன் செய்த தாளை நேராக மெயிலில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷினுக்குள்ளும் ஒரு பாஸ்வேர்டு இருக்கும். இணையதளத்தில் வரும் விசாரணைகளைக் கணக்கு மென்பொருளுக்கு இழுத்துக்கொள்ளும் அமைப்பு இருந்தால் அதிலும் இருக்கும். ஆள் பிடிபடவில்லை என்றால், சந்தேகப்படும் கருவிகளை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து கழற்றிவிட்டு, பதிவேட்டில் புதிய தவறு விழுகிறதா என்று ஹோஸ்டிங் ஆளையே பார்க்கச் சொல்லலாம்.

எங்கள் ஐபியை நிரந்தரமாக அனுமதித்துவிடச் சொன்னால் ஒரே வேலையாக முடிந்துவிடாதா?

நிலையான ஐபி இருந்தால் கேட்கலாம், சில கம்பெனிகள் செய்தும் கொடுக்கும். மாறும் ஐபிக்கு இது ஆகாது. நாளை அந்த எண் உங்கள் இணைய நிறுவனத்தின் வேறொரு வாடிக்கையாளருக்குப் போகும், அனுமதியும் கூடவே போகும். நிலையான ஐபியிலும் ஒரு விலை உண்டு. ஆபீஸில் ஒரு கணினிக்கு வைரஸ் வந்து, அது நிஜமாகவே பாஸ்வேர்டு ஊகிக்கத் தொடங்கினால், அனுமதிப் பட்டியலில் இருக்கும் ஐபியை அந்தக் காவல் நிரல் கண்டுகொள்ளாது. பழைய பாஸ்வேர்டு இருக்கும் அந்த ஒரு கருவியைத் தேடிப் பிடிப்பது அரை நாள் வேலைதான். அதை முடித்துவிட்டால் அனுமதி கேட்க வேண்டிய தேவையே வராது.