இமெயிலைத் திறந்தது யார்? வரவேற்பு இமெயிலும் கட்டணக் கணக்கும்

வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி தயாரித்து இன்டர்நெட்டில் விற்கும் என் உறவினர் ஒருவர் ஒரு பில்லைக் கொண்டு வந்து காட்டினார். கடையின் தளத்தில் புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு வரவேற்பு இமெயில் அனுப்ப ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தார். திறக்கப்பட்ட ஒவ்வொரு இமெயிலுக்கும் 5 ரூபாய் என்பது பேச்சு. 335 முறை திறக்கப்பட்டதாகச் சொல்லி 1,675 ரூபாய் கேட்டிருந்தார்கள். வந்த ஆர்டர்களோ 6 தான். "இத்தனை பேர் படித்துவிட்டு ஏன் வாங்கவில்லை?" என்று கேட்டார். படித்தார்களா என்பதே சந்தேகம் என்றேன்.

முதலில் வரவேற்பு இமெயில் எப்படிச் செல்கிறது என்று பார்ப்போம். ஒருவர் பதிவு செய்தவுடன் முதல் இமெயில் தானாகவே போகும். அதில் நன்றியும் கடைக்கான லிங்க்கும் இருக்கும். இரண்டு நாள் கழித்து, பொடி எப்படித் தயாராகிறது, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று சொல்லும் இரண்டாவது இமெயில். ஐந்தாம் நாள், "இன்னும் வாங்கவில்லையா?" என்று நினைவூட்டும் மூன்றாவது இமெயில். இடையில் ஒருவர் ஆர்டர் கொடுத்துவிட்டால் அவரை இந்த வரிசையிலிருந்து நீக்கும்படி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால், நேற்று வாங்கியவருக்கே இன்று நினைவூட்டல் போகும். இதைச் சோதிப்பது எளிது. உங்களுடைய வேறொரு இமெயில் முகவரியில் பதிவு செய்து ஓர் ஆர்டர் கொடுங்கள். ஐந்தாம் நாள் மூன்றாவது இமெயில் வந்தால் அமைப்பில் தவறு இருக்கிறது.

இனி, திறந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இமெயிலின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தை வைக்கிறார்கள். அதற்கான வரி இப்படி இருக்கும்:

```
<img src="https://example.com/o.gif?id=1047" width="1" height="1">
```

1047 என்பது ஒருவருக்கு மட்டும் தரப்பட்ட எண். இமெயிலைத் திறக்கும்போது படம் சர்வரிலிருந்து இறங்கும். உடனே "1047 திறந்தார்" என்று சர்வர் குறித்துக் கொள்ளும். அதாவது எண்ணப்படுவது படம் இறங்கியதுதான்; படித்தது அல்ல.

சிக்கல் இங்கேதான். படங்களைக் காட்டாமல் தடுத்து வைத்திருப்பவர் முழுவதும் படித்தாலும் கணக்கில் வரமாட்டார். இதற்கு நேர்மாறாக, 2021-இல் ஆப்பிள் நிறுவனம் தன் மெயில் அப்ளிகேஷனில் Protect Mail Activity என்ற வசதியைத் தந்தது. இது இயங்கினால், இமெயிலைத் திறக்காவிட்டாலும் படங்கள் பின்னணியில் தாமாகவே இறங்கிவிடும். சர்வர் அதையும் "திறந்தார்" என்றே எழுதும்.

உறவினரின் முதல் இமெயில் 200 பேருக்குப் போனது. 8 முகவரிகள் தவறு. 192 பேருக்குச் சேர்ந்தது. 120 பேர் திறந்ததாக அறிக்கை சொன்னது. அதாவது 62.5 சதவீதம். ஆனால் எந்த அப்ளிகேஷனில் திறந்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தால், 74 பேர் ஆப்பிள் மெயில். இவர்களில் சிலர் உண்மையிலேயே படித்திருக்கலாம். எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத எண்ணுக்கு எப்படிப் பணம் தருவது?

ஐபோன் வைத்திருப்பவர் உதவியுடன் நீங்களே இதைச் சோதிக்கலாம். அவருடைய போனில் இந்த வசதி இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, ஓர் இமெயில் அனுப்புங்கள். அவர் அதைத் திறக்க வேண்டாம். போனை வைஃபை இணைப்புடன் இரவு முழுக்கச் சார்ஜில் வைக்கட்டும். காலையில் அறிக்கையைப் பாருங்கள். பெரும்பாலும் "திறந்தார்" என்றே இருக்கும்.

அப்படியானால் எதை எண்ணுவது? ஆர்டரை எண்ணுங்கள். மூன்று இமெயில்களிலும் ஒரே தள்ளுபடியை வெவ்வேறு கூப்பன் எழுத்துகளுடன் கொடுங்கள்: VANAKKAM1, VANAKKAM2, VANAKKAM3. எந்தக் கூப்பனில் ஆர்டர் வந்தது என்று பார்த்தாலே எந்த இமெயில் வேலை செய்தது என்று தெரிந்துவிடும். லிங்க்கைக் கிளிக் செய்தவர்களின் எண்ணிக்கையும் உதவும். ஆனால் சில அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் லிங்க்குகளைத் தாமே கிளிக் செய்து சோதிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

திறப்புக் கணக்கு முற்றிலும் வீணல்ல. 60 சதவீதமாக இருந்தது திடீரென்று 20 ஆகிவிட்டால், உங்கள் இமெயில்கள் ஸ்பேம் பெட்டிக்குப் போகின்றன என்று சந்தேகிக்கலாம். அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

உறவினருக்குப் புதிய ஒப்பந்தம் எழுதினோம். அதில் மூன்று வரிகள்தான். மூன்று இமெயில்களை வடிவமைக்க ஒரே முறை கட்டணம். பிறகு மாற்றம் கேட்டால், ஒரு மாற்றத்துக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். அனுப்பும் சேவைக்கான மாதக் கட்டணத்தை உறவினரே தன் பெயரிலுள்ள கணக்கிலிருந்து செலுத்துவார். இந்தக் கடைசி வரி முக்கியம். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால்தான், வடிவமைப்பவரை மாற்றினாலும் வாடிக்கையாளர் பட்டியல் உங்களிடமே இருக்கும்.

சேவையில் சேரும் முன் ஒன்றைக் கேளுங்கள்: கட்டணம் பட்டியலில் உள்ள முகவரிகளுக்கா, அனுப்பும் இமெயில்களுக்கா? சில சேவைகள், "இனி அனுப்ப வேண்டாம்" என்று விலகியவர்களையும் முகவரிக் கணக்கில் சேர்த்துக் கொள்ளும். அத்தகைய முகவரிகளை மாதம் ஒருமுறை பட்டியலிலிருந்து ஒதுக்கி வையுங்கள். விலகியவர்களுக்கு மீண்டும் இமெயில் போகாதபடி, அவர்கள் இமெயில் முகவரிகளை மட்டும் தனியே குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.