போன் தானாக எடுக்கும் படம்

வங்கிச் செயலியில் இருப்புத் தொகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிடுகிறார்கள். செயலியை மூடாமலே வேறு வேலைக்குப் போய்விடுகிறோம். அப்படி நகரும் நொடியில் போன் தானாகவே அந்தத் திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறது. கடைசியாகத் திறந்த செயலிகளை வரிசையாகக் காட்டும் பக்கம் இருக்கிறதல்லவா, அதில் சின்னச் சின்ன அட்டைகளாகத் தெரிபவை இந்தப் படங்கள்தாம். நாம் பட்டனை அழுத்தவில்லை, யாரும் நம்மைக் கேட்கவும் இல்லை. பிறகு பக்கத்து வீட்டுப் பையன் பாட்டுக் கேட்கப் போனை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தால், கடவுச்சொல் எதுவும் தேவைப்படாமல் நம் இருப்புத் தொகை அவன் கண்ணில் படும்.

ஸ்கிரீன்ஷாட் என்றதும் பட்டனை அழுத்தி எடுக்கும் படம்தான் நம் நினைவுக்கு வரும். செயலியை எழுதுபவருக்கு அதைவிடப் பெரிய தலைவலி இந்தத் தானியங்கிப் படம். ஆண்ட்ராய்டில் இரண்டுக்கும் மருந்து ஒன்றே. தொடக்கப் பதிப்பிலிருந்தே இருக்கும் ஒரு கொடி அது:

```
window.setFlags(
    WindowManager.LayoutParams.FLAG_SECURE,
    WindowManager.LayoutParams.FLAG_SECURE
)
```

இந்தத் திரையில் இருப்பதை வெளியே காட்டாதே என்று போனுக்குச் சொல்லும் கட்டளை இது. இதைப் போட்டபின் ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் பார்த்தால் முடியாது என்று போன் சொல்லிவிடும். செயலி அட்டை வெற்றுப் பரப்பாகத் தெரியும். திரையை வேறொருவருடன் பகிர்ந்துகொண்டிருந்தால் எதிர்முனையில் இருப்பவருக்கு அந்த இடம் கறுப்பாகத் தெரியும். கடைசியாகச் சொன்னது நம் நாட்டில் மிக முக்கியம். ‘வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லித் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் மோசடி பற்றி, எனிடெஸ்க் என்ற செயலியின் பெயரையே சொல்லி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் அட்டை எண் இருக்கும் திரை கறுத்துப்போனால், பேசுகிறவன் எண்ணைப் பார்க்க முடியாது. வாயால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த இடைவெளியில் பலருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நான்கு வரியில் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் அங்கேதான் ஓட்டை விழும். ஒரு ரத்தப் பரிசோதனைச் செயலியைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் திரையில் பரிசோதனைகளின் பட்டியல் இருக்கிறது. ஒன்றைத் தொட்டால் முழு அறிக்கை வருகிறது. அறிக்கையில் எச்ஐவி முடிவு மட்டும் மறைக்கப்பட்டிருக்கிறது. ‘காட்டு’ என்று தொட்டால் நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி முடிவைச் சொல்கிறது. எழுதியவர் அறிக்கைத் திரைக்குக் கொடியைப் போட்டுவிட்டார். சோதித்துப் பார்ப்பவர் அறிக்கையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்க்கிறார், வரவில்லை, சரி என்று கையெழுத்துப் போடுகிறார். ஆனால் அந்தக் கொடி ஜன்னலுக்கு ஜன்னல் தனி. எழும்பும் பெட்டி ஆண்ட்ராய்டின் கணக்கில் இன்னொரு ஜன்னல். அதற்கும் தனியாகக் கொடி போடப்பட்டிருக்கிறதா என்று பெட்டி திறந்திருக்கும்போதே சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். மறைக்க வேண்டிய செய்தி முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இன்னொரு பிழை நேரத்தைச் சார்ந்தது. இன்றைய செயலிகள் பலவற்றில் எல்லாத் திரைகளும் ஒரே ஜன்னலுக்குள் மாறி மாறி வருகின்றன. அதனால் அறிக்கைக்குள் நுழையும்போது கொடியைப் போட்டு, வெளியேறும்போது எடுத்துவிடுகிறார்கள். வெளியேறுவது என்பதை, செயலி பின்னால் போகத் தொடங்கும் நொடி என்று எழுதிவிட்டால் வந்தது வினை. போன் தன் படத்தை எடுப்பதற்குள் கொடி இறங்கியிருக்கும். பட்டனை அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட் விழாது, ஆனால் செயலி அட்டையில் அறிக்கை பளிச்சென்று தெரியும். இப்படி ஒரு முரண் கண்ணில் பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். பயனர் செயலிக்குள்ளேயே வேறு திரைக்குப் போகும்போது மட்டும் கொடியை இறக்க வேண்டும்.

ஐபோனில் கதை வேறு. ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்க ஆப்பிள் செயலிகளுக்கு வெளிப்படையான வழி எதையும் தரவில்லை. படம் எடுக்கப்பட்ட பிறகு, எடுத்தாயிற்று என்ற தகவல் மட்டும் செயலிக்கு வரும். திரை பதிவாகிக்கொண்டிருக்கிறதா, வேறு திரைக்குப் போகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தெரிந்தவுடன் எண்களை மறைக்கலாம். செயலி அட்டைக்கு மட்டும் முழுத் தீர்வு உண்டு. செயலி முன்னணியிலிருந்து விலகத் தொடங்கும்போதே மேலே ஒரு திரைச்சீலையைப் போட்டுவிட வேண்டும். விலகி முடிந்த பிறகு போட்டால் சேமிக்கப்படும் படம் மறைந்துவிடும், ஆனால் விரலால் மேலே தள்ளும்போது கண்முன் சுருங்கும் அட்டையில் எண்கள் அப்படியே தெரியும். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும்.

நாமே எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஏன் இவ்வளவு கவலை? நம் போனில்தானே இருக்கிறது? கேலரிக்குள் போன படம் அந்தச் செயலியின் காவலைத் தாண்டிவிட்டது. புகைப்பட அனுமதி வாங்கிய எந்தச் செயலியும் அதைப் பார்க்கலாம். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த செயலிகளுக்குள் அது ஒளிந்திருந்தது. கூகுள் பக்கத்தில் மட்டும் அவை 2 லட்சத்து 40 ஆயிரம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டிருந்தன. அனுமதி கிடைத்ததும் கேலரியில் உள்ள படங்களில் இருக்கும் எழுத்துகளைப் படித்து, கிரிப்டோ பணப்பையை மீட்கும் சொற்றொடர் தென்பட்டால் அந்தப் படத்தை வெளியே அனுப்பியது. அதாவது, மறந்துவிடக் கூடாது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தவர்கள்தான் அதன் இலக்கு.

இதே கசிவு எழுத்து வடிவிலும் நடக்கிறது. கணக்கு எண்ணை நீளமாக அழுத்திக் காப்பி செய்கிறோம். அது கிளிப்போர்டில் போய் உட்காருகிறது. கிளிப்போர்டு போனுக்குப் பொதுவானது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-க்கு முன்பு, பின்னணியில் ஓடும் எந்தச் செயலியும் அதைப் படிக்க முடிந்தது. இப்போது முன்னால் திறந்திருக்கும் செயலியும் நாம் பயன்படுத்தும் கீபோர்டும் மட்டுமே படிக்கலாம். அதுவும் போதுமான கவலைதான். காப்பி செய்த கையோடு ஒரு கடைச் செயலியைத் திறந்தால் அதுதான் முன்னால் இருக்கும் செயலி. ஷீஇன் என்ற துணிக்கடைச் செயலியின் பழைய ஆண்ட்ராய்டு பதிப்பு ஒன்று கிளிப்போர்டைப் படித்து, டாலர் குறியும் இணைய முகவரிக் குறியும் அதில் இருந்தால் உள்ளடக்கத்தைத் தன் சர்வருக்கு அனுப்பியதை மைக்ரோசாஃப்ட் 2023-ல் வெளியிட்டது. தீய நோக்கம் இருந்ததாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்றும் மைக்ரோசாஃப்ட் சொன்னது. நோக்கம் எதுவானாலும் எண் போனது போனதுதான்.

ஆண்ட்ராய்டு 13 வந்தபோது காப்பி செய்ததை மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் காட்டும் வசதியும் வந்தது. பயனருக்கு உதவிதான். ஆனால் அட்டை எண் திரையின் மூலையில் பளிச்சிடுவது நன்றாக இல்லை. அதனால் அதே பதிப்பில் செயலிகளுக்கு இன்னொரு குறியும் கிடைத்தது:

```
clip.description.extras = PersistableBundle().apply {
    putBoolean(ClipDescription.EXTRA_IS_SENSITIVE, true)
}
```

இது ரகசியமானது என்று சொல்லிக் காப்பி செய்தால் மூலையில் எண்ணுக்குப் பதில் புள்ளிகள் மட்டும் தெரியும். மற்ற செயலிகள் அதை ஒட்டிப் படிப்பதை இந்தக் குறி தடுக்காது. கிளிப்போர்டு வரலாறு வைத்திருக்கும் கீபோர்டுகள் இந்தக் குறியை மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம். ஐபோனில் கொஞ்சம் கூடுதல் பிடி உண்டு: காப்பி செய்தது இத்தனை விநாடியில் அழிய வேண்டும் என்றும், அதே கணக்கில் உள்ள மேக் கணினிக்குத் தாவக் கூடாது என்றும் செயலி சொல்லலாம். என்னைக் கேட்டால், சிவிவி, பின் எண் போன்றவற்றுக்குக் காப்பி பட்டனே வைக்கக் கூடாது. மூன்று இலக்கத்தைத் தட்டச்சு செய்ய யாரும் சிரமப்படுவதில்லை.

இந்தக் கொடிக்குத் தாண்ட முடியாத எல்லைகளும் உண்டு. இன்னொரு போனால் திரையைப் படம் பிடித்தால் எதுவும் செய்ய முடியாது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் வசதிக்கு இந்தக் கொடி தடையாக இருப்பதில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அதே அனுமதியை ஏமாற்றி வாங்கிய தீச்செயலியும் திரையில் உள்ள எழுத்துகளைப் படிக்க முடியும், படம் கறுப்பாக இருந்தாலும் கூட. ஆண்ட்ராய்டு 14-லிருந்து, குறிப்பிட்ட பகுதிகளை உண்மையான உதவிக் கருவிகள் மட்டும் வாசிக்கலாம் என்று செயலி வரையறுக்கலாம். வங்கிகள் இதைப் பயன்படுத்த வேண்டும். பயனர் செய்யக்கூடியது எளிது: அணுகல்தன்மை அமைப்பைத் திறந்து, அங்கே எந்தெந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறது என்று பார்ப்பது.

இவ்வளவும் சொன்னபின், எல்லாத் திரையையும் பூட்டிவிடலாமே என்று சில நிறுவனங்கள் முடிவெடுக்கின்றன. அது சோம்பல். பணம் அனுப்பியதற்கு வீட்டு உரிமையாளர் அத்தாட்சி கேட்கிறார், மருத்துவர் வாட்ஸ்அப்பில் அறிக்கை கேட்கிறார். ஸ்கிரீன்ஷாட் விழாவிட்டால் மக்கள் இன்னொருவர் போனை வாங்கிப் படம் எடுப்பார்கள். அப்போது ரகசியம் இரண்டு போன்களில் இருக்கும். ரசீதில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் காட்டி, அதைத் திறந்தே வைக்கலாம். அறிக்கையை கேலரிக்குப் போகாமல் நேராக மருத்துவருக்கு அனுப்ப ஒரு ‘பகிர்’ பட்டன் தரலாம். பூட்டு வேண்டியது அட்டை விவரம், பின், மீட்புச் சொற்கள், நோயின் பெயர் தெரியும் இடங்கள் ஆகியவற்றுக்கு.

உங்கள் போனிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். வங்கிச் செயலியில் இருப்புத் தொகையைத் திறந்துவிட்டு, செயலி அட்டைகளின் பக்கத்துக்குப் போங்கள். தொகை தெரிகிறதா? பிறகு அட்டை விவரம் எழும்பும் பெட்டியைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விழுகிறதா? கணக்கு எண்ணைக் காப்பி செய்யுங்கள். மூலையில் எண் வருகிறதா, புள்ளிகள் வருகின்றனவா? சோதனைக்கு எடுத்த படத்தை அழிக்கும்போது குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்துவிடுங்கள், கூகுள் போட்டோஸில் போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள். தொகையோ அட்டை எண்ணோ தெரிந்தால், எந்தத் திரையில், எந்தப் போனில், எந்தப் பதிப்பில் என்று குறித்து அந்த வங்கிக்கோ மருத்துவமனைக்கோ எழுதி அனுப்புங்கள். எந்த இடம் என்று சரியாகச் சொல்லிவிட்டால், ஒரு பொறியாளருக்கு அது பெரும்பாலும் ஒரு நாள் வேலைதான்.