அந்தமான் கூட்டுறவு வங்கி வழக்கு: முறைகேடு வளரும் இடமும் தடுக்கும் வழியும்

அந்தமான் நிகோபார் மாநிலக் கூட்டுறவு வங்கியில் நடந்ததாகக் கூறப்படும் கடன் மோசடி தொடர்பாக, அமலாக்கத்துறை 2025 ஜூலை 31 அன்று ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலும் கொல்கத்தாவிலும் சோதனை நடத்தியது. அமலாக்கத்துறை இத்தீவுகளில் சோதனை நடத்தியது அதுவே முதல் முறை. வங்கி நிர்வாகத்தில் பொறுப்பு வகித்த முன்னாள் எம்.பி. குல்தீப் ராய் சர்மா உள்ளிட்டோர் அடுத்தடுத்துக் கைது செய்யப்பட்டனர்.

விதிகளைப் புறக்கணித்து, பெயரளவிலான நிறுவனங்களின் பெயரில் 100-க்கும் மேற்பட்ட கடன் கணக்குகள் வழியாகப் பெருந்தொகை வழங்கப்பட்டது என்பது விசாரணை அமைப்பின் குற்றச்சாட்டு. இது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டிய ஒன்று. எனினும், இத்தகைய முறைகேடு எங்கே வேர்விடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இவ்வழக்கு உதவுகிறது.

காரணம் என்ன?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வசிப்போர் சுமார் 3.80 லட்சம் பேர். இவ்வளவு சிறிய சமூகத்தில் கடன் கேட்பவர், கடன் வழங்குபவர், கண்காணிப்பவர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருப்பது இயல்பு. அரசியல் செல்வாக்கு உள்ளவர் வங்கி நிர்வாகத்திலும் இடம்பெற்றால், மறுப்புக் குறிப்பு எழுதும் துணிவு கீழ்நிலை அலுவலருக்கு எளிதில் வராது.

ஆட்சி அமைப்பும் மற்றொரு காரணம். இந்த யூனியன் பிரதேசத்துக்குச் சட்டப்பேரவை இல்லை. துணைநிலை ஆளுநர் வழியாக மத்திய அரசே நிர்வாகம் செய்கிறது. எனவே உள்ளூர்ச் செலவினங்களைக் கேள்வி கேட்கும் பேரவைப் பொதுக் கணக்குக் குழுவும் இங்கு இல்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கே செல்கிறது.

கண்காணிப்பு

மாநிலக் கூட்டுறவு வங்கிக்கு மூன்று மேற்பார்வையாளர்கள் உண்டு. சங்கப் பதிவும் தேர்தலும் கூட்டுறவுச் சங்கப் பதிவாளரின் பொறுப்பு. நேரடி ஆய்வை நபார்டு மேற்கொள்கிறது. வங்கித் தொழிலை ரிசர்வ் வங்கி நெறிப்படுத்துகிறது. பொறுப்பு இவ்வாறு பிரியும்போது, ஒருவர் கண்ட குறைபாட்டைச் சரிசெய்ய வேண்டியவர் மற்றொருவர் என்ற நிலை ஏற்பட்டு நடவடிக்கை தாமதமாகலாம்.

ஆவணங்களை ஆராய்வோர் கவனிக்கும் அறிகுறிகள் சில உண்டு. பல நிறுவனங்களுக்கு ஒரே முகவரி இருப்பது, கடன் தொகை வரவு வைக்கப்பட்டவுடன் ரொக்கமாக எடுக்கப்படுவது, பழைய கடனின் தவணையைப் புதிய கடனைக் கொண்டே செலுத்துவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மூன்றாவது அறிகுறி மிகவும் ஆபத்தானது. ஏனெனில் ஏட்டளவில் கடன் ஒழுங்காகத் திரும்புவதுபோலவே தோன்றும். வாராக்கடன் கணக்கில் அது இடம்பெறாது.

அமலாக்கத்துறை தானாகவே இவ்வழக்கைத் தொடங்கியிருக்க இயலாது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்க, முதலில் வேறொரு குற்ற வழக்கு பதிவாகியிருக்க வேண்டும். அந்தமான் காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு பதிவு செய்த வழக்கே இங்கு அதற்கு அடிப்படை ஆனது. ஆக, உள்ளூர்க் காவல்துறை அசையாவிட்டால் வெளியிலிருந்து வரும் விசாரணையும் தொடங்காமல் போகலாம்.

வெளிப்படைத்தன்மை

கூட்டுறவு வங்கியிடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நேரடியாகக் கேள்வி கேட்க இயலுமா? கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. அரசு மேற்பார்வையில் இயங்குகிறது என்பதால் மட்டுமே ஒரு கூட்டுறவுச் சங்கம் பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது. ஆனால் பதிவாளர் பொது அதிகார அமைப்பு. சட்டப்படி அவர் சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலை, சட்டம் விலக்கு அளித்தவை நீங்கலாக, மனுதாரருக்கு வழங்க வேண்டும். எனவே தணிக்கைக் குறைபாடுகளை அறிய விரும்பும் உறுப்பினர் தட்ட வேண்டிய கதவு பதிவாளர் அலுவலகமே.

சீர்திருத்தமும் அதன் எல்லையும்

வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் செய்யப்பட்ட திருத்தம், மாநிலக் கூட்டுறவு வங்கிகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிர்வாகக் குழுவினரின் தகுதி, தலைமைப் பொறுப்பு நியமனம், தணிக்கை ஆகியவற்றில் ரிசர்வ் வங்கிக்குக் கூடுதல் அதிகாரம் கிடைத்தது. இயக்குநர்களுக்கும் அவர்கள் தொடர்புடைய நிறுவனங்களுக்கும் கடன் வழங்குவதற்குச் சட்டம் கடுமையான தடை விதிக்கிறது.

ஆயினும் இத்தடை தொடர்பு வெளியே தெரியும்போதே பயன்படும். இயக்குநரின் பெயர் இல்லாத நிறுவனம் கடன் பெற்றால், உண்மையான பயனாளி யார் என்பதைக் காகிதம் காட்டாது. கடன் தொகை இறுதியில் யாரைச் சென்றடைந்தது என்று ஆய்வாளர் பின்தொடர்ந்தால்தான் அது புலப்படும். கைது நடவடிக்கைக்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தக் கேள்வி எழுப்பப்பட்டால், வைப்பாளர்களின் பணம் வெளியேறும் முன் காக்கப்படும்.